மெழுகில் முடிவாகும் திருமேனி: இடைக்காலச் செப்புத் திருமேனிகளின் வார்ப்புத் தடயங்களும் நாஞ்சில்நாட்டு வகைப்பாட்டுச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

நாஞ்சில்நாட்டுக் கோயில்களில் உள்ள இடைக்கால உலாத்திருமேனிகளை அணிகலன், ஆடை, முகத்தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு சோழர் பாணி என்றோ கேரள பாணி என்றோ வகைப்படுத்துவது வழக்கம். இவ்வடையாளங்களுள் சில வார்ப்பின்போது அமைந்தவை. சில பிற்காலத்தில் உளியால் ஏற்றப்பட்டவை. மெழுகு வார்ப்பு முறையின் படிநிலைகளை விளங்கிக்கொண்டால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டுகள், திருவெண்காட்டு விடைவாகனர் திருமேனி, உலோகப் பகுப்பாய்வு முடிவுகள், களத்தில் கண்ட ஒரு திருமேனி ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெழுகு வார்ப்பு, செப்புத் திருமேனி, கன வார்ப்பு, திருவெண்காடு, நாஞ்சில்நாடு

முன்னுரை

நாஞ்சில்நாடு இரு நிலப்பரப்புகளின் எல்லையில் அமைந்த நாடு. ஆய் மன்னர்களும் சேரரும் பாண்டியரும் உரிமை கொண்டாடிய இப்பகுதி முதலாம் இராசராசன் காலத்தில் சோழர் ஆட்சிக்குள் வந்தது. சுசீந்திரம் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றது. குலோத்துங்கன் காலத்தில் கோட்டாற்றில் சோழரின் நிலைப்படை தங்கியிருந்தது. பின்னர் வேணாட்டின் கீழும் திருவிதாங்கூரின் கீழும் இருந்த இந்நிலம் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தது.

இவ்வரசியல் வரலாறு கலை வரலாற்றிலும் ஒரு பிளவை உண்டாக்கியிருக்கிறது. இப்பகுதியின் கல்வெட்டுகளும் தொல்பொருள்களும் தொடக்கத்தில் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் வெளியாயின. கிரேவ்லியும் டி.என். இராமச்சந்திரனும் 1932-இல் வெளியிட்ட அட்டவணை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் உலோகத் திருமேனிகளைப் பற்றியது. 1948-இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ், கசின்ஸ், வாசுதேவப் பொதுவாள் ஆகியோர் எழுதிய நூல் திருவிதாங்கூரின் கலைகளைத் தனியே எடுத்துக்கொண்டது. ஆட்சி எல்லையை ஒட்டி அமைந்த இப்படிப்பு முறை நாளடைவில் பாணி எல்லையாகவும் கருதப்படலாயிற்று. மெலிந்த உடலும் அளவான அணிகளும் இருந்தால் சோழர் கலை. பரந்த மார்பும் நெருங்கிய அணிகளும் இருந்தால் கேரளக் கலை. நாஞ்சில்நாட்டுத் திருமேனி ஒன்று இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு நின்றால் அதனைக் 'கலப்புப் பாணி' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

கலப்பு என்ற அச்சொல் எதையும் விளக்குவதில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஒரே வார்ப்பில் இரு மரபுகள் கலந்தனவா, அல்லது ஒரு மரபில் வார்த்ததை இன்னொரு காலத்தவர் திருத்தினரா என்பது முதலில் தீர்க்கப்பட வேண்டும். அதற்கான சான்று திருமேனியிலேயே இருக்கிறது. அதனைக் காண்பதற்கு வார்ப்பு முறையிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

கனமும் பொள்ளலும்

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள், அக்கோயிலுக்கு இராசராசனும் தமக்கை குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் அளித்த உலோகத் திருமேனிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்கின்றன. பாதம் முதல் முடிவரையிலான உயரம், கைகளின் எண்ணிக்கை, பீடத்தின் நீள அகலம், தாமரையின் உயரம், திருவாசியின் சுற்றளவு ஆகியவை முழத்திலும் விரலிலும் தரப்பட்டுள்ளன. இவ்வளவுகள் கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் எடுக்கப்பட்டவை என்ற குறிப்பும் உண்டு. பொன்னையும் மணியையும் மஞ்சாடி, குன்றி என நுட்பமாக நிறுத்து எழுதிய அதே எழுத்தர்கள் செப்புத் திருமேனிகளை அளந்து எழுதினர்.

இப்பட்டியலில் தொழில்நுட்ப வரலாற்றுக்கு மிக வேண்டிய சொற்கள் இரண்டு. ஒன்று கனம், மற்றொன்று பொள்ளல். உள்ளே உலோகம் நிறைந்ததாக வார்த்தது கனம். உள்ளீடற்றதாக வார்த்தது பொள்ளல். திருமேனிகள் கனமாகச் செய்யப்பட்டன என்று கூறும் ஆவணம், பீடம் போன்ற உறுப்புகளில் பொள்ளலையும் தனியே சுட்டுகிறது. ஆக, உள்ளீடற்ற வார்ப்பை அறிந்திருந்தும் திருமேனியின் உடலுக்கு அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது தெளிவு.

இத்தேர்வு எளிதானதன்று. பொள்ளல் வார்ப்பில் களிமண் கருவின்மேல் மெழுகை மெல்லிய தோலாகப் போர்த்துவர்; உலோகச் செலவு குறையும், மெல்லிய சுவர் ஒரே சீராக ஆறும். கன வார்ப்பில் உரு முழுவதும் மெழுகு. உலோகம் பல மடங்கு வேண்டும். தடித்த மார்பும் மெலிந்த விரலும் வெவ்வேறு வேகத்தில் ஆறும். எனினும் கருவை நிலைநிறுத்தும் ஆணிகள் வேண்டா. கரு நகர்ந்து ஒரு பக்கம் துளைபடும் அச்சமும் இல்லை. ஆண்டுதோறும் நீராட்டுக்கும் உலாவுக்கும் உட்படும் திருமேனிக்குக் கன வார்ப்பின் உறுதி பொருந்தும். இச்சமய, பயன்பாட்டுக் காரணங்களுள் எது முதன்மையானது என்று வாதிடுவதைவிட, கன வார்ப்பு திருமேனியில் எத்தகைய தடயங்களை விட்டுச்செல்கிறது என்று பார்ப்பதே இங்கு நம் நோக்கத்துக்கு உதவும்.

மெழுகிலிருந்து செம்புக்கு

மெழுகு வார்ப்பை வடமொழிச் சிற்ப நூல்கள் மதூச்சிஷ்ட விதானம் என்கின்றன. தேனெடுத்தபின் எஞ்சுவது என்பது அப்பெயரின் பொருள். மானசாரத்தில் இதற்கென ஓர் இயல் உண்டு. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரால் வழங்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டு மானசோல்லாசம் செய்முறையை இன்னும் விரிவாகச் சொல்கிறது. இந்நூல்கள் சொல்வதும் இன்று சுவாமிமலைப் பட்டறைகளில் காண்பதும் அடிப்படையில் ஒத்துச் செல்கின்றன. இன்றைய வழக்கத்தை அப்படியே பதினொன்றாம் நூற்றாண்டுக்கு ஏற்றுதல் கூடாது. ஆயினும் மெழுகும் மண்ணும் செம்பும் அன்றும் இன்றும் ஒரே இயல்பின என்பதால் ஒப்பீட்டுக்கு இடமுண்டு.

தென்னை ஓலைக் கீற்று ஒன்றைத் திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, தாள இலக்கணப்படி மடித்து, முகம், கழுத்து, மார்பு, தொடை என அளவுகளைக் குறித்துக்கொள்வதில் வேலை தொடங்கும். இதனை ஒடியோலை என்பர். தேன்மெழுகுடன் குங்கிலியத்தையும் சிறிது எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டிய கலவையே உருவம் செய்யும் மெழுகு. குங்கிலியம் இறுக்கம் தரும். எண்ணெய் நெகிழ்ச்சி தரும். வெயில் காலத்தில் குங்கிலியம் சற்றுக் கூடும். தலை, உடல், கை, கால் ஆகியவற்றைத் தனித்தனியே பிடித்து, சூடேற்றிய கருவியால் இணைக்கின்றனர். பூணூல், மேகலை, கழுத்தணி முதலியன மெழுகை நூலாக உருட்டி உடலின்மேல் ஒட்டப்படுகின்றன. இதனை நினைவிற்கொள்க, பின்னர் இதுவே நமக்கு முதன்மைச் சான்றாகும்.

முடிந்த மெழுகுருவின் பின்புறத்தில் மெழுகுக் கழிகளை ஒட்டுகின்றனர். உலோகம் உள்ளே செல்லும் வழியும் காற்று வெளியேறும் வழியும் இவையே. மானசோல்லாசமும் முதுகு, தோள், தலையுச்சி ஆகிய இடங்களில் விரிந்த வாயுள்ள குழல்களை அமைக்கச் சொல்கிறது. அடுத்து மண் பூச்சு. முதற் பூச்சுக்குரிய மண் மாவினும் நுண்ணியது. ஆற்று வண்டலுடன் உமிக்கரியைச் சேர்த்து அம்மியில் அரைத்துக் குழம்பாகப் பூசுகின்றனர். மானசோல்லாசம் நுணுக்கி நறுக்கிய பஞ்சையும் சிறிது உப்பையும் சேர்க்கச் சொல்கிறது. இப்பூச்சு நிழலில் உலர்ந்தபின் இரண்டாம் பூச்சு, அதற்குமேல் மணல் கலந்த தடித்த மூன்றாம் பூச்சு. மெழுகின் ரேகையை ஏற்பது முதற் பூச்சு. உலோகத்தின் எடையைத் தாங்குவது கடைசிப் பூச்சு. பெரிய அச்சுகளை இரும்புக் கம்பியால் கட்டுவதும் உண்டு.

அச்சை வறட்டி நெருப்பில் காய்ச்சும்போது மெழுகு உருகி வழிந்துவிடும். தொடர்ந்து அச்சு சுடப்படும். பிறகு அதனைக் குழியில் வாய் மேல்நோக்க நிறுத்தி, சுற்றிலும் மண் இட்டு இறுக்கி, மூசையில் உருகிய உலோகத்தை மெல்லிய தாரையாக, இடையறாமல் ஊற்றுகின்றனர். தாரை இடையில் நின்றால் முன்னர் ஊற்றியதன் மேற்பரப்பு இறுகி, பின்னர் வருவது அதனோடு உருகி ஒன்றாகாது. திருமேனியில் ஒரு கோடு நிலைத்துவிடும்.

எவ்வளவு உலோகம் வேண்டும் என்பது ஊற்றுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். இதற்கு மெழுகை நிறுப்பதே வழி. குங்கிலியம் சேர்ந்த மெழுகு ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ நிற்கும் எனக் கொள்வோம். செம்பு மிகுந்த வெண்கலம் ஒரு லிட்டர் 8.7 கிலோ அளவில் நிற்கும். மெழுகுரு 4 கிலோ எனில் அது அடைத்திருந்த இடம் ஏறத்தாழ 4 லிட்டர். அதனை நிரப்ப ஏறத்தாழ 35 கிலோ உலோகம் வேண்டும். குழல்களில் நிற்பதும் மூசையில் கழிவாகத் தங்குவதும் சேர்த்து 40 கிலோ உருக்கினால் தட்டுப்பாடு வாராது. மெழுகுக்கு எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் என்ற பட்டறை வழக்கு இக்கணக்குடன் பொருந்துகிறது. வெள்ளிக்குக் கூடுதல் மடங்கும் பொன்னுக்கு அதனினும் கூடுதலான மடங்கும் மானசோல்லாசம் கூறுவது அவற்றின் அடர்த்தி வரிசையோடு ஒத்திருக்கிறது. கொடையாளி தரவேண்டிய செம்பின் அளவை மெழுகுரு முடிந்த நாளிலேயே சொல்லிவிட முடிந்திருக்கும் என்பதும் இதனால் பெறப்படும்.

பிழைகளைப் படித்தல்

அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளிப்படும். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. ஆகவே ஒரு வார்ப்பு பிழைத்தால் மீண்டும் ஒடியோலையிலிருந்து தொடங்க வேண்டும். எனவே சிறு பிழைகளைக் கைவினைஞர் திருத்தி ஏற்றுக்கொண்டனர். அத்திருத்தங்கள் நமக்குப் பயன்படுகின்றன.

கன வார்ப்பின் முதற்பகை சுருக்கம். உருகிய வெண்கலம் இறுகும்போது அதன் கன அளவு நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு குறைகிறது. மெலிந்த உறுப்புகள் முதலில் இறுகும். தடித்த உடல் கடைசியாக இறுகும். அப்போது குழலில் இன்னும் உருகிய உலோகம் நின்று கீழே இறங்கினால் குறை நிரம்பும். குழல் முன்னரே இறுகிவிட்டால் உடலில் பள்ளமோ உட்குழியோ தோன்றும். ஆகவேதான் தடித்த குழல்கள் முதுகுப்புறம் அமைகின்றன. அவற்றை வெட்டிய தழும்பைப் பின்புறத்தில் அராவி மறைத்திருப்பர். ஆயினும் தோளிலோ இடைக்குக் கீழோ பரப்பு இயல்பான வளைவை விட்டுச் சற்றுத் தட்டையாக இருப்பதைச் சாய்ந்த ஒளியில் காணலாம்.

இரண்டாவது பகை ஈரம். நன்கு உலராத அச்சில் ஆயிரம் பாகை வெப்பத்தில் உள்ள உலோகம் பாயும்போது நீர் ஆவியாகி உலோகத்துள் குமிழியாகத் தங்கும். மிகுதியானால் அச்சே வெடிக்கும். குமிழித் துளைகளைச் சிறு செப்புத் துண்டால் அடைப்பதுண்டு. அடைத்த துண்டு உடலின் கலவையினின்றும் வேறுபட்டதாயின், காலப்போக்கில் வேறு நிறம் கொள்ளும்; வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு நிழல் போலத் தெரியும். விரல் நுனி வரை உலோகம் செல்லாமல் மழுங்கியிருப்பது மற்றொரு பிழை. அச்சு போதிய சூட்டில் இல்லை என்பது அதன் பொருள்.

மெழுகுக் கோட்டையும் உளிக் கோட்டையும் பிரித்தறிவதே இவற்றுள் தலையாயது. மெழுகில் ஒட்டிய நூல் உடலோடு சேரும் இடத்தில் மென்மையாக உருண்டிருக்கும். மெழுகில் கீறிய கோட்டின் விளிம்பு சற்றே எழும்பி, அடி வளைந்து இருக்கும். உலோகத்தில் உளி வெட்டிய கோடோ கூரிய விளிம்பும் ஆப்பு வடிவ அடியும் கொண்டது. உளியின் ஒவ்வொரு தட்டும் சிறு படியாக அதனுள் தெரியும். சிறந்த முற்காலச் சோழத் திருமேனிகளில் ஒப்பனையின் பெரும்பகுதி மெழுகிலேயே முடிந்துவிட்டது; உளிக்கு விடப்பட்ட வேலை குறைவு. பிற்காலத்தில் உளிவேலை பெருகிற்று. இன்றைய பட்டறைகளில் வார்த்தபின் செய்யும் செதுக்கு வேலைக்கே நெடுநாள் செல்வதை நேரில் காணலாம்.

திருவெண்காட்டு விடைவாகனர்

இத்தடயங்கள் ஒரு திருமேனியை எவ்வாறு பேசவைக்கின்றன என்பதற்குத் திருவெண்காட்டு விடைவாகனரை எடுத்துக்கொள்ளலாம். காலம் தெரிந்த திருமேனி என்பதே காரணம். திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு, கோலக்கவன் என்பார் 1011-ஐ ஒட்டி இத்திருமேனிக்குச் செய்த கொடையைக் குறிக்கிறது. தேவியின் திருமேனி அடுத்த ஆண்டு அமைந்தது. நெடுங்காலம் நிலத்தடியில் கிடந்து, 1950-களின் தொடக்கத்தில் வெளிப்பட்ட இவை இன்று தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ளன.

ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். எடை முழுவதும் ஒரு காலில் தங்க, மறு கால் அதன் குறுக்கே சென்று விரல்கள் மட்டும் தரையில் ஊன்றி நிற்கிறது. வலக்கை முழங்கை மடங்கி, காளையின்மேல் சார்த்தியதுபோல அந்தரத்தில் நிற்கிறது. காளை அங்கு இல்லை. காண்போர் அனைவரும் அக்காளையைத் தாமாகவே கற்பித்துக்கொள்கின்றனர். அத்திருமேனியின் புகழுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வார்ப்பு வரலாற்றின் நோக்கில் இன்மையே சான்றாகிறது. காளை இறைவனோடு ஒரே வார்ப்பாக இருந்திருந்தால் பிரிந்திருக்காது. பிரிந்திருந்தால் கையில் முறிவு இருக்கும். அத்தகைய முறிவு இல்லாமையால் ஒவ்வொன்றும் தனி வார்ப்பு என்பது உறுதி. தஞ்சைக் கல்வெட்டுகள் உருவங்களையும் பீடத்தையும் தனித்தனியே அளந்து எழுதிய முறைக்கு இது நேரான எடுத்துக்காட்டு.

தனித்தனியே வார்த்ததனால் தபதிக்கு ஒரு சிக்கல் எழுகிறது. காளையைச் சாராமலே இறைவன் நிற்க வேண்டும். ஆனால் சார்ந்து நிற்பவராகத் தோன்ற வேண்டும். இடை ஒருபுறம் ஒசிந்து, தோள் மறுபுறம் சாய்ந்து அமைந்ததற்கு அழகுணர்வு மட்டும் காரணமன்று. உலோகத்தின் எடைமையம் ஊன்றிய காலுக்கு நேராக விழுமாறு செய்த கணக்கும் அதனுள் இருக்கிறது. இக்கணக்கு மெழுகிலேயே முடிந்தாக வேண்டும். மெழுகுரு தானாக நின்றால் செம்புருவும் நிற்கும்; உள்ளீடு சீராக நிறைந்த கன வார்ப்பில் மெழுகின் சமநிலையும் செம்பின் சமநிலையும் ஒன்றே. பொள்ளல் வார்ப்பில் சுவரின் தடிமன் வேறுபட்டால் இவ்வுறுதி கிட்டாது. கனத்தைத் தேர்ந்தெடுத்ததில் சிற்பிக்குக் கிடைத்த ஊதியம் இது.

பாம்புகள் பிணைந்த முடிக்கட்டு மற்றொரு சான்று. பிரிகளாகத் திரித்த மெழுகைத் தலையைச் சுற்றிப் படியவைத்தாற்போல அது அமைந்திருக்கிறது. உலோகத் திண்மத்தில் உளிகொண்டு குடையும் சிந்தனையிலிருந்து இவ்வடிவம் பிறவாது. உடலில் அணிகள் குறைவு. தோலின் பரப்பு அதிகம். அணி குறைந்த வெற்றுப் பரப்பே வார்ப்புப் பிழையை மறைக்க இடங்கொடாதது என்பதைக் கருதினால், அச்சிற்பி தன் மெழுகின்மேலும் மண்ணின்மேலும் கொண்டிருந்த நம்பிக்கையின் அளவு விளங்கும்.

நிலத்தில் புதைந்திருந்ததால் இத்திருமேனியின் முகம் பிற்காலக் கைகளிலிருந்து தப்பியது என்பதையும் குறிப்பிட வேண்டும். தொடர்ந்து வழிபாட்டிலுள்ள திருமேனிகளில் நூற்றாண்டுக் கணக்கான நீராட்டாலும் புளியிட்டுத் துலக்குவதாலும் மூக்கும் உதடும் தேய்ந்துவிடும். தேய்ந்த கண்களை மீண்டும் வெட்டித் திறப்பது உண்டு. அவ்வாறு வெட்டியவரின் காலத்து அழகுணர்வே அக்கண்களில் பதிந்திருக்கும். முகத்தைக் கொண்டு காலம் கணிப்போர் இவ்விடத்தில் தவறுகின்றனர்.

கலவை சொல்வது

ஐம்பொன் என்ற வழக்கு பொன்னும் வெள்ளியும் கலந்தமையை உணர்த்துகிறது. சாரதா சீனிவாசன் நூற்றுக்கு மேற்பட்ட தென்னிந்தியத் திருமேனிகளில் நிகழ்த்திய பகுப்பாய்வுகள், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை செம்புடன் வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த வெண்கலமே எனக் காட்டின. பொன்னும் வெள்ளியும் மிகச் சிறு அளவினவே. கொடையாளி மூசையில் ஒரு சிட்டிகைப் பொன் இடுவது சடங்கு நிலையில் உண்மையாயினும் கலவையின் இயல்பை அது மாற்றுவதில்லை. கல்வெட்டு இவற்றைச் செப்புத் திருமேனி என்று சொன்னது ஐம்பொன் என்பதைவிடத் துல்லியமானது.

வெள்ளீயம் உருகுநிலையைக் குறைத்துக் கடினம் தரும். அது நூற்றுக்குப் பதினைந்து பங்கை மீறினால் வார்ப்பு நொறுங்கும் தன்மை அடையும். திருமேனிகளின் கலவை பொதுவாக இவ்வரம்புக்குள் நிற்கிறது. இதற்கு எதிர்முனையில் இருப்பது ஆறன்முளைக் கண்ணாடி. அதில் வெள்ளீயம் மூன்றில் ஒரு பங்கு. எளிதில் உடையும், ஆனால் ஒளிரும். காரீயம் செம்பில் கரையாது, சிறு துளிகளாக இடையிடையே நிற்கும். நுண்ணிய இடங்களுக்கும் உலோகம் ஓட உதவும். நாகம் மிகுதியாக இருந்தால் பித்தளை கலந்தது என்று பொருள். இன்றைய பட்டறைகளில் பித்தளை சேர்ப்பது வழக்கம் ஆதலால், 'சோழர் காலத்தது' எனப்படும் திருமேனியில் நாகம் மிகுந்திருப்பின் ஐயுறுதல் தகும். ஆயினும் அது ஐயமே. தனித்து நின்று முடிவாகாது.

இத்தகைய ஒப்பீடு நூலக ஆய்வுக்கு மட்டும் உரியதன்று. பத்தூர் நடராசர் வழக்கில், இலண்டனில் பிடிபட்ட திருமேனி அவ்வூரில் கிடைத்த பிற செப்புத் திருமேனிகளுடன் ஒருங்கு புதைந்திருந்ததா என்பதே கேள்வி. இரா. நாகசாமி முதலிய வல்லுநர்களின் கலைநடை ஒப்பீட்டோடு உலோகமும் ஒட்டியிருந்த மண்ணும் நீதிமன்றத்தில் சான்றாயின. திருமேனி 1991-இல் தமிழகம் மீண்டது.

நாஞ்சில்நாட்டுத் திருமேனி ஒன்று

மேற்கண்ட அளவுகோல்களை நாஞ்சில்நாட்டில் பொருத்திப் பார்க்க முனைந்தபோது முதலில் எதிர்ப்பட்டது அணுகுவதில் உள்ள தடை. அருங்காட்சியகத் திருமேனியைத் திருப்பிப் பார்க்கலாம். வழிபாட்டுத் திருமேனி ஆடைக்கும் கவசத்துக்கும் உள்ளே இருக்கிறது. பின்புறம் திருமஞ்சனத்துக்கும் அலங்காரத்துக்கும் இடைப்பட்ட சிறுபொழுதில் மட்டுமே தெரியும். தொடுதல் கூடாது; அர்ச்சகர் பிடித்த விளக்கின் ஒளியில் பார்ப்பதே இயன்றது. ஒருவகையில் அது நன்று. பக்கவாட்டிலிருந்து விழும் விளக்கொளி, நேரே பாய்ச்சும் மின்னொளியினும் பரப்பின் மேடுபள்ளங்களை நன்கு காட்டியது. பாதுகாப்புக் கருதிக் கோயிலின் பெயர் இங்குத் தரப்படவில்லை.

அது நின்ற கோலத்து அம்மன் திருமேனி. ஊரில் அதனைக் கேரளத்து வேலை என்கின்றனர். அகன்ற விளிம்புள்ள நீண்ட கண்களும் நெருங்கிய கழுத்தணிகளும் அவ்வெண்ணத்துக்கு இடம் தருகின்றன. விளக்கொளியில் பார்த்தபோது கண்ணின் கோடுகள் கூரிய விளிம்பு கொண்டவையாக இருந்தன. புருவத்தில் உளியின் படிகள் வரிசையாகத் தெரிந்தன. கழுத்தணிகளுள் கீழிருந்த இரண்டு வரிகள் உடலோடு உருண்டு சேர்ந்தவை. மேலிருந்த வரிகள் தட்டையான பரப்பில் வெட்டியவை. முதுகில் ஆடை மடிப்புகள் தேய்ந்தும் மென்மை குன்றாமல் இருந்தன. அங்கு உளி செல்லவேயில்லை. தலையின் பின்னுள்ள சிரசக்கரத்துக்கு அடியில் ஆரம் முடியும் இடத்தில் மெழுகு நூலின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது தெளிவாகத் தெரிந்தது. எவரும் பாரார் என்று விட்ட இடம் அது.

ஆகவே 'கேரளத்து' அடையாளங்களாகச் சொல்லப்படுவன அனைத்தும் அத்திருமேனியின் முன்புறத்தில், உளியால் வந்தவை. மெழுகுநிலையில் அமைந்தவை அளவான அணியும் உருண்ட மடிப்பும் கொண்ட வேறொரு உருவத்தைக் காட்டுகின்றன. இதனால் அதனைச் சோழர் காலத்தது என்று உடனே முடிவு செய்ய இக்கட்டுரையாளர் துணியவில்லை. கலவை ஆய்வு நிகழவில்லை. பீடத்தின் அடிப்புறம் காணப்படவில்லை. வார்த்த கையும் கண் திறந்த கையும் ஒன்றல்ல என்ற அளவில் உறுதியாகச் சொல்லலாம். 'கலப்புப் பாணி' என்று பெயரிட்டிருந்தால் இந்த இரண்டு கைகளுக்கும் இடையிலுள்ள காலம் மறைந்துபோயிருக்கும்.

கைவினைஞரின் பெயர்ச்சியையும் இங்குக் கருத வேண்டும். தஞ்சை மாவட்ட நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பத்தர்கள், தம் முன்னோர் நாகர்கோவிலிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறியதாகக் கூறும் மரபு உண்டு. காவிரிப் படுகையின் வார்ப்புக்கேற்ற வண்டலே அவர்களை ஈர்த்தது என்பர். விளக்கு மண் அச்சில் வார்த்துக் கடைந்தெடுப்பது, திருமேனி வார்ப்பினின்றும் வேறானது. காலத்தாலும் மிகப் பிந்தியது. எனினும் நாஞ்சில்நாட்டிற்கும் காவிரிப் படுகைக்கும் இடையே தொழில் தெரிந்த குடும்பங்கள் நடமாடியதை அம்மரபு நினைவூட்டுகிறது. சோழப் படை கோட்டாற்றில் தங்கிய காலத்தில் கன்னார் குடும்பங்களும் உடன் வந்தனவா என்பதைப் பாணியைக் கொண்டு மட்டும் ஊகித்தல் ஆகாது. நாஞ்சில்நாட்டுத் திருமேனிகளில் முதற்பூச்சு மண்ணின் எச்சம், பீடத்தின் உள்ளிடுக்குகளிலோ திருவாசி பொருந்தும் துளைகளிலோ, தங்கியிருக்க வாய்ப்புண்டு. அம்மண் பழையாற்று வண்டலா, காவிரி வண்டலா என்று நுண்ணோக்கியால் ஒப்பிட இயலும். திருமேனி வந்ததா, தபதி வந்தாரா என்ற கேள்விக்கு நேரான விடை அங்கிருந்து கிடைக்கக்கூடும்.

அன்று அம்மன் திருமேனியின் பீடத்தில் உலாத்தண்டு செருகும் துளைகள் நான்கும் தெரிந்தன. மூன்றின் விளிம்பு தேய்ந்து பளபளத்தது. நான்காவதன் உட்புறத்தில் எவ்வளவு துலக்கியும் போகாத கருமையான படிவு ஒன்று இருந்தது. அது எண்ணெய்ப் பிசுக்கா, வார்ப்பு மண்ணா என்று பார்ப்பதற்குள் அர்ச்சகர் பட்டைச் சார்த்தத் தொடங்கிவிட்டார்.